பைல் ஹாமரின் அடிக்கணக்கை எவ்வளவு நம்பலாம்? கிருஷ்ணகிரிக் களத்திலிருந்து சில கேள்வி பதில்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஹாமரால் மண்ணுக்குள் அடித்து இறக்கும் அஸ்திவாரத் தூணான பைல் அபூர்வம். கொஞ்சம் தோண்டினாலே கருங்கல் தட்டுப்படுகிற ஊரில் பெரும்பாலும் சாதா ஃபுட்டிங்கிலேயே வேலை முடிந்துவிடும். ஏரி ஓரம், பழைய ஓடை, ஆற்றுப் படுகை போன்ற இடங்களில்தான் பைல் பேச்சே வரும். அப்படி வந்த ஒரு களத்தில் நான் பார்த்ததை வைத்து, இளம் எஞ்சினியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். களம் காவேரிப்பட்டினம் பக்கம், ஓர் ஏரிக்கரையை ஒட்டி மாம்பழக்கூழ் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு. யாருடையது, யார் கட்டியது என்பது இங்கே தேவையில்லை. கணக்குக்கு வசதியாக எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

சார், 10 தடவை அடிச்சா 25 மி.மீ.தான் இறங்குது. பைல் முடிஞ்சதுன்னு எழுதிடலாமா?

இன்னும் எழுத வேண்டாம். அந்த 25 மி.மீ. என்பது மூன்று விஷயங்கள் கலந்து வந்த ஒற்றை எண். ஹாமரிலிருந்து பைலுக்குள் எவ்வளவு ஆற்றல் போனது, அதில் எவ்வளவு வெறும் எகிறலாகத் திரும்பி வந்தது, அந்த நொடியில் மண் எவ்வளவு எதிர்த்தது என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. நமக்குத் தேவை மூன்றாவது மட்டும்தான். அதிலும் அடி விழுகிற நொடியில் மண் காட்டும் எதிர்ப்பு வேண்டாம், கட்டடம் வருஷக்கணக்கில் உட்காரும்போது காட்டும் எதிர்ப்பு வேண்டும். முதல் இரண்டையும் அளக்காமல் மூன்றாவதைச் சொல்ல வழியில்லை.

அப்போ ஹைலி ஃபார்முலா எதுக்கு? அது எல்லாத்தையும் சேர்த்துத்தானே கணக்குப் போடுது?

சேர்த்துத்தான் போடுகிறது. எப்படிச் சேர்க்கிறது என்று பார்த்தால் அதன் பலவீனம் புரியும். நம் கையில் புழங்கும் வடிவம் இது:

```
R = (W × h × η) / (s + C/2)
η = (W + P × e²) / (W + P)
```

R பைலின் தாங்குதிறன். η மோதலில் வீணாகாமல் மிஞ்சும் ஆற்றலின் பங்கு. W ஹாமரின் எடை. h விழும் உயரத்தில் உண்மையில் பயன்படும் பகுதி. P பைல், அதன் தலையில் மாட்டும் தொப்பியான ஹெல்மெட் எல்லாம் சேர்ந்த எடை. e மோதலில் எவ்வளவு துள்ளல் இருக்கும் என்பதற்கான எண். s ஓர் அடிக்கு நிரந்தரமாக இறங்கியது, அதாவது செட். C தற்காலிகமாக அமுங்கி மறுபடி எழும்புவது. ஹாமருக்கும் பைல் தலைக்கும் நடுவே வைக்கும் டாலி அமுங்குவது, பைல் அமுங்குவது, மண் அமுங்குவது ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைதான் C.

எங்கள் களத்தில் 300 × 300 மி.மீ. பிரீகாஸ்ட் பைல், நீளம் 10 மீட்டர். எடை 2.25 டன், ஹெல்மெட்டும் சேர்த்து 2.5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாமர் 4 டன், வின்ச்சில் தூக்கி 80 செ.மீ. உயரத்திலிருந்து விடுவது. வின்ச் ஹாமருக்கு உயரத்தில் 80 சதவீதம்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஆக h = 64 செ.மீ. மர டாலி நல்ல நிலையில் இருந்தால் e = 0.25. அப்போது η = 0.639 வரும். மேலே இருக்கும் பெருக்கல் 4 × 64 × 0.639, சுமார் 164 டன்-செ.மீ.

ஏரி ஓரத்தில் முதல் நாள் அடித்த பைலில், கடைசியில் ஓர் அடிக்கு 5 மி.மீ. இறங்கியது. C-யை 12 மி.மீ. என்று எடுத்தார்கள். கீழே 0.5 + 0.6 = 1.1 செ.மீ. 164-ஐ 1.1-ஆல் வகுத்தால் 149 டன். பைலுக்கு டிசைன் சுமை 50 டன். 2.5 மடங்கு காப்பு என்றால் 125 டன் போதும். எல்லோருக்கும் சந்தோஷம். அன்று களத்தில் எல்லோருக்கும் இஞ்சி டீகூட வந்தது.

இதில் அளந்து எழுதிய எண் s மட்டும்தான். 80 சதவீதம், e, C மூன்றும் அட்டவணையிலிருந்தோ பழக்கத்திலிருந்தோ வந்தவை.

ஹாமர் 4 டன், உயரம் 80 செ.மீ. ரெண்டும் கண்ணால பார்க்குறதுதானே. ஆற்றல் தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?

அங்கேதான் முதல் ஓட்டை. டேப் பிடித்துப் பார்த்தால் உயரம் சரியாகவே இருக்கும். ஹாமர் விழும்போது வின்ச் டிரம்மையும் சுற்ற வைத்துக்கொண்டே விழுகிறது. கயிறு பின்னாலிருந்து இழுக்கிறது. ஹாமர் ஓடும் சட்டமான லீடரில் கிரீஸ் இல்லாவிட்டால் உரசுகிறது. ஆபரேட்டர் பிரேக்கைச் சரியான நொடியில் விடாவிட்டால் ஹாமர் பாதி பிடித்த நிலையில் இறங்கும். சாயங்காலம் களைத்துப்போன ஆபரேட்டரும் காலையில் வந்த ஆபரேட்டரும் ஒரே மாதிரி விடமாட்டார்கள்.

அடுத்தது டாலி. ஹாமருக்கும் பைல் தலைக்கும் நடுவே இருக்கும் அந்த மரக்கட்டை நூற்றுக்கணக்கான அடி வாங்கிய பிறகு நார்நாராகப் பிரிந்து, புகை வரும் அளவுக்குச் சூடாகி, பஞ்சு மாதிரி ஆகிவிடும். எங்கள் களத்தில் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தபோது துடைப்பக்கட்டை தலைகீழாக நிற்பது போல இருந்தது. அடியின் பெரும்பகுதியை அந்தத் துடைப்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஃபார்முலா இதை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? டாலி கெட்டுப்போனால் e-யைப் பூஜ்யமாக்கு என்கிறது. போட்டுப் பாருங்கள். η 0.639-லிருந்து 0.615-க்கு இறங்கும். வெறும் 4 சதவீதம்.

பிறகு பி.டி.ஏ. கருவி வந்தது. பைல் தலைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில் நீட்சி அளக்கும் கேஜும் முடுக்கமானியும் போல்ட் போட்டு மாட்டி, ஒவ்வோர் அடியிலும் விசையையும் வேகத்தையும் பதிவுசெய்கிற கருவி அது. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் பைலுக்குள் உண்மையில் நுழைந்த ஆற்றல் கிடைக்கும். பழைய டாலியோடு அது காட்டியது சுமார் 90 டன்-செ.மீ. ஹாமரின் முழு ஆற்றல் 4 × 80 = 320. அதாவது 28 சதவீதம்தான் உள்ளே போயிருக்கிறது. நாம் கணக்கில் எடுத்தது 164.

ஆற்றல் குறைந்தால் எகிறலும் குறையும். C 8 மி.மீ. என்று வைத்தால் 90 / (0.5 + 0.4) = 100 டன். அதே பைல், அதே 5 மி.மீ. செட், ஆனால் 149 டன் 100 ஆகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. ஹாமர் மோசமாக வேலை செய்தால் பைல் குறைவாக இறங்கும். குறைவாக இறங்கினால் ஃபார்முலா அதிகத் தாங்குதிறன் சொல்லும். கெட்ட ஹாமர் நல்ல பைலாகத் தெரியும். டாலி மாற்றி, கயிறு தளர்வாக ஓடும்படி சரிசெய்த பிறகு அளந்தபோது ஆற்றல் 130-க்கு வந்தது.

இந்த ஃபார்முலாவையெல்லாம் யார் எப்போ கண்டுபிடிச்சாங்க? இன்னும் ஏன் விடாம வெச்சிருக்கோம்?

மிகப் புகழ்பெற்றது 1888-ல் வெலிங்டன் வெளியிட்ட எஞ்சினியரிங் நியூஸ் ஃபார்முலா. அது டிராப் ஹாமரில் மரப் பைல் அடித்த காலத்தது. பெயரளவில் 6 மடங்கு காப்பு வைத்திருந்தார்கள். அவ்வளவு வைத்திருந்ததே அதன் மேல் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதைச் சொல்லிவிடும். ஹைலி 1920-களில் வந்தது. ஜான்பு, டேனிஷ், கேட்ஸ் என்று இன்னும் எத்தனையோ உண்டு. பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ஒன்றுதான்: கொடுத்த ஆற்றல், செய்த வேலைக்குச் சமம். ஹைலி போன்றவற்றில் இரண்டு பந்துகள் மோதுவது போல ஹாமரும் பைலும் மோதுவதாகக் கொள்வார்கள்.

இன்னும் விடாததற்குக் காரணம், ஒரு கால்குலேட்டரும் ஒரு ஸ்கேலும் இருந்தால் போதும் என்பதுதான். மணலிலும் சரளையிலும், ஒரே ஹாமரை வைத்து ஒரு பைலை இன்னொரு பைலோடு ஒப்பிட அது உதவும். களிமண்ணில் அதை நம்பி டிசைன் செய்யக்கூடாது.

அலைச் சமன்பாடு இதைவிட எப்படி மேல்? அதுவும் கணக்குத்தானே?

பைல் ஒரு பந்து கிடையாது, நீளமான தண்டு. ஹாமர் தலையில் விழும்போது அடிமுனைக்கு அந்தச் சேதியே தெரியாது. அமுக்க அலை கான்கிரீட்டில் நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. 10 மீட்டர் பைலில் அடிமுனையை அடைய 2.5 மில்லிவினாடி, திரும்பித் தலைக்கு வர மொத்தம் 5 மில்லிவினாடி. இந்த நேரத்துக்குள் தலை இறங்கிக்கொண்டிருக்கும், நடு அமுங்கியிருக்கும், அடி சும்மா இருக்கும். கிணற்றுக் கயிற்றை மேலே உதறினால் நெளிவு கீழே போய்த் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரிதான். ஃபார்முலாவுக்கு இந்த ஓட்டம் எதுவும் தெரியாது.

இதைக் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்று 1931-லேயே ஆஸ்திரேலியாவில் ஐசக்ஸ் எழுதினார். கையால் போடக்கூடிய கணக்காக அது இல்லை. கணினி வந்த பிறகு, ரேமண்ட் பைல் கம்பெனியில் இருந்த ஈ.ஏ.எல். ஸ்மித் 1960-ல் நடைமுறைக்கு ஏற்ற வழியைக் கொடுத்தார். பைலை ஏறக்குறைய 1 மீட்டர் துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டும் ஓர் எடை, துண்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங். ஹாமர் ஓர் எடை, டாலி ஒரு ஸ்பிரிங். ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் அடிமுனையிலும் மண்ணுக்காக ஒரு ஸ்பிரிங்கும் ஒரு தணிப்பானும் வை. பிறகு, அலை ஒரு துண்டைக் கடக்கும் கால் மில்லிவினாடியைவிடச் சிறிய நேரப் படிகளாக, ஒவ்வோர் எடையும் எங்கே நகர்கிறது என்று கணக்கிட்டுக்கொண்டே போ. இன்று GRLWEAP போன்ற மென்பொருள்கள் செய்வது இதன் வளர்ந்த வடிவம்.

மண் ஸ்பிரிங் சுமார் 2.5 மி.மீ. வரை வளைந்து கொடுத்து, அதற்கு மேல் வழுக்கும் என்பது ஸ்மித் கொடுத்த வழக்கமான எண். இதற்குப் பெயர் குவேக். தணிப்பான் என்பது வேகமாகத் தள்ளினால் மண் கூடுதலாக எதிர்க்கும் என்பதைக் காட்டுவது. சேற்றில் கையை மெதுவாக நுழைத்தால் போகிறது, ஓங்கி அறைந்தால் வலிக்கிறது அல்லவா, அதுதான். அந்தக் கூடுதல் எதிர்ப்பு அடி விழும் நொடியில் மட்டும் இருக்கும். கிடங்கின் சுமை உட்காரும்போது இருக்காது. ஃபார்முலா இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறது. அலைக் கணக்கு பிரித்துக் காட்டுகிறது.

இன்னொரு பயன், பைல் அடிக்கும் முன்பே தெரிந்துவிடும் விஷயங்கள். இந்த ஹாமர் இந்தப் பைலை இறக்குமா, கான்கிரீட்டில் எவ்வளவு அழுத்தம் வரும், எவ்வளவு இழுவிசை வரும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். மேலே இளகிய ஏரி வண்டலில் அடிமுனைக்கு எதிர்ப்பே இல்லாதபோது, இறங்கிய அமுக்க அலை இழுவிசை அலையாகத் திரும்பும். முழு உயரத்தில் ஓங்கி அடித்தால் பைல் நடுவில் குறுக்கே விரிசல் விடும். அந்த நேரத்தில் ரிஜிஸ்டரில் இருப்பது 'சுலபமா இறங்குது' என்ற குறிப்பு மட்டுமே.

மென்பொருள் கொடுக்குற கிராஃப்ல அடிக்கணக்குக்கு நேரா தாங்குதிறன் வந்துடுதே. பார்த்து எழுதினா போதாதா?

அந்தக் கோட்டின் வடிவத்தை முதலில் பாருங்கள். ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறும், பிறகு வளைந்து ஏறக்குறையப் படுத்துவிடும். படுத்த இடத்தில் அடிக்கணக்கு இரண்டு மடங்கானாலும் தாங்குதிறன் கொஞ்சம்தான் கூடும். ஹைலியிலேயே இது தெரியும். 25 மி.மீ.க்கு 10 அடி என்றால் 164 / (0.25 + 0.6) = 193 டன். அதே 25 மி.மீ.க்கு 20 அடி என்றால் 226 டன். அடி இரட்டிப்பானது, தாங்குதிறன் 17 சதவீதம் ஏறியது. அந்த இடத்தில் ஸ்கேலில் ஒரு மி.மீ. தப்பாகப் படித்தாலே கணக்கு எங்கேயோ போய்விடும். இன்னும் 50 அடி கொடுத்தால் பைல் பலமாகும் என்று அடித்துக்கொண்டே இருப்பதில் பைல் தலை உடைவதைத் தவிர வேறு பலன் இல்லை.

மென்பொருளுக்கும் ஹாமர் திறன், டாலியின் விறைப்பு, குவேக், தணிப்பு எல்லாவற்றையும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். அதிகத் தாங்குதிறன் குறைந்த தணிப்பு என்று வைத்தாலும், குறைந்த தாங்குதிறன் அதிகத் தணிப்பு என்று வைத்தாலும் ஒரே அடிக்கணக்கு வரும். எது உண்மை என்று கணக்கு தானாகச் சொல்லாது. அதற்காகத்தான் பி.டி.ஏ. அளவீடு. அளந்த வேகத்தை உள்ளே கொடுத்து, மண்ணின் எண்களை மாற்றி மாற்றி, கணக்கில் வரும் விசைக் கோடு அளந்த விசைக் கோட்டோடு பொருந்தும் வரை பார்ப்பார்கள். அந்தப் பொருத்தும் வேலைக்குப் பெயர் கேப்வேப். ஓர் அடியின் முழு அலைவடிவமும் கையில் இருப்பதால், ஒற்றை எண்ணை வைத்து ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடிக்கும்போது சும்மா வழுக்கிட்டு இறங்கின பைல், அடுத்த வாரம் அசையவே மாட்டேங்குது. ஏன்?

எங்கள் களத்திலும் இதுதான் நடந்தது. ஏரியை ஒட்டிய வரிசையில் 9 மீட்டர் வரை ஈரமான வண்டலும் களிப்பு மண்ணும். ஒரு பைல் முழு நீளம் இறங்கிய பிறகும் ஓர் அடிக்கு 12 மி.மீ. போய்க்கொண்டே இருந்தது. C-யை 10 மி.மீ. என்று எடுத்தால் ஃபார்முலாவில் 96 டன். சூப்பர்வைசர் பைலை நீட்ட வேண்டும், ஜாயின்ட் போட வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்.

பைல் இறங்கும்போது மண்ணைப் பக்கவாட்டில் ஒதுக்குகிறது. ஈரக் களிமண்ணில் நீர் உடனே வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறி நிற்கும். மண் துகள்களுக்கு நடுவே பிடிப்பு குறைந்து, பைலைச் சுற்றி மண் குழம்பாகிவிடும். சில நாளில் அந்த அழுத்தம் வடிந்து மண் பைலைக் கவ்விக்கொள்ளும். இட்லி மாவு மாதிரி இருந்தது இட்லி ஆகிவிடும்.

9 நாள் விட்டு, அதே ஹாமர், அதே மாதிரி புது டாலி வைத்து மறுபடி அடித்தோம். முதல் சில அடிகளில் 4 மி.மீ.தான். C 12 மி.மீ. ஃபார்முலாவில் 164 டன். இந்த 164-ஐ அப்படியே நம்பாதீர்கள். முந்தைய 96-ஓடு ஒப்பிட்டு, 1.7 மடங்கு ஏறியிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அளந்த ஆற்றலான 130-ஐப் போட்டால் 130 டன். அதிலிருந்து தணிப்பைக் கழித்து கேப்வேப் சொன்னது 118. ஃபார்முலாவுக்காக வைத்திருந்த 2.5 மடங்கு காப்பை, அளந்து பார்த்து லோடு டெஸ்டும் செய்கிற பைலுக்கு 2 ஆக்கலாம் என்று டிசைனர் ஒத்துக்கொண்டார். பிறகு 75 டன் வரை ஏற்றியதில் 6 மி.மீ. அமுங்கியது. ஜாயின்ட் தேவைப்படவில்லை.

மறு அடியில் ஒரு விஷயம் முக்கியம். முதல் 10 அடிக்குள் படித்துவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் மண்ணை மறுபடி கலக்கிவிடுவீர்கள். ஹாமர் முதல் அடியிலேயே முழு வீச்சில் விழ வேண்டும் என்பதால், வேறு எங்காவது நாலு அடி அடித்துச் சூடாக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

தலைகீழாவும் நடக்குமா? அன்னைக்கு இறுக்கமா இருந்தது அப்புறம் தளர்ந்துபோறது?

நடக்கும். இறுகிய, ஈரமான நுண்மணலிலும் வண்டலிலும் பைல் இறங்கும்போது மண் விரியப் பார்த்து, உள்ளே நீரழுத்தம் குறைந்து உறிஞ்சல் உண்டாகும். அதனால் அந்த நேரத்தில் மண் அதிகப் பலம் காட்டும். நீர் வந்து சேர்ந்ததும் அது போய்விடும். சில ஷேல் பாறைகளிலும் இது தெரிந்த கதை. இதற்கும் மருந்து மறு அடிதான்.

சார், ஒரு பைல் 5.6 மீட்டர்லயே நின்னுடுச்சு. 10 அடிக்கு 20 மி.மீ.தான். பாறை கெடைச்சிடுச்சுன்னு தலையை வெட்டலாமா?

எங்கள் மாவட்டத்தின் தனிச் சிக்கலே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இங்கே அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் வகைப் பாறை, அங்கங்கே கிரானைட்டும் சார்னோக்கைட்டும். இவை மேலிருந்து ஒரே சீராக மக்குவதில்லை. வெடிப்புகள் வழியாக நீர் இறங்கி, வெடிப்பை ஒட்டிய இடம் மக்கி மண்ணாகிவிடும். நடுவில் இருப்பது மக்காமல் உருண்டைக் கல்லாக நின்றுவிடும். கிருஷ்ணகிரி மலைகளில் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே உருண்டைகள் மண்ணுக்குள்ளும், சுற்றிலும் மக்கிய மண்ணோடு புதைந்து கிடக்கின்றன. பைல் போய் அப்படி ஓர் உருண்டையின் மேல் நின்றால் பாறை கிடைத்தது போலவே இருக்கும்.

அந்த 5.6 மீட்டர் பைலுக்கு, மற்ற வரிசையில் எடுத்த 12 மி.மீ. C-யையே போட்டு 164 / (0.2 + 0.6) = 205 டன் என்று எழுதியிருந்தார்கள். களத்திலேயே பெரிய எண் அதுதான். லோடு டெஸ்டுக்கு அதையே நான் தேர்ந்தெடுத்தபோது, நல்ல பைலில் டெஸ்ட் எடுத்து ஏன் காசை வீணாக்குகிறீர்கள் என்றார்கள்.

ரொட்டீன் டெஸ்டில் டிசைன் சுமையின் ஒன்றரை மடங்கு, அதாவது 75 டன் ஏற்ற வேண்டும், 12 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். 50 டன்னில் 9 மி.மீ. காட்டியது. 60 டன்னில் டயல் கேஜ் நிற்கவே இல்லை. ஜாக்கைப் பம்ப் செய்யச் செய்ய அழுத்தம் ஏறாமல் முள் ஓடிக்கொண்டிருந்தது. 22 மி.மீ.யில் நிறுத்தினோம்.

பக்கத்தில் போர் போட்டுப் பார்த்ததில், சுமார் 1 மீட்டர் கனத்துக்குக் கல், அதன் கீழே மறுபடி கையால் பிசையக்கூடிய ஈரமான மக்கிய மண். கணக்கு எளிது. 1 மீட்டர் விட்டமுள்ள கல்லின் அடிப்பரப்பு 0.785 சதுர மீட்டர். 60 டன் அதன் மேல் வந்தால் சதுர மீட்டருக்கு 76 டன் அழுத்தம். அந்த மண்ணால் அதைத் தாங்க முடியவில்லை. அடிக்கும்போது மட்டும் எப்படித் தாங்கியது? அடி நீடிப்பது சில மில்லிவினாடிதான். ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவான அந்தக் கல்லை அசைக்கவே அதில் பாதி நேரம் போய்விடும். கீழே இருக்கும் ஈரமண் நீரை விட நேரமில்லாமல் விறைத்து நிற்கும். பிறகு கல் ஸ்பிரிங் போலத் திரும்பி எழும்பும்.

அந்த எழும்பல்தான் துப்பு. மறுநாள் அதே மாதிரி நின்ற இன்னொரு பைலில் பென்சில் கோடு எடுத்தோம். செட் 2 மி.மீ., டாலியையும் சேர்த்தால் C 20 மி.மீ.! டாலியின் அமுக்கமும் சேர்ந்து மொத்தம் 22 மி.மீ. போய் 20 மி.மீ. திரும்பி வந்திருக்கிறது. உண்மையான பாறையில் நின்ற பைல் இவ்வளவு துள்ளாது. சரியான C-யைப் போட்டால் ஃபார்முலாவே 205-லிருந்து 136-க்கு இறங்கிவிடுகிறது. அதுகூட உண்மையைவிட இரண்டு மடங்குக்கு மேல் அதிகம்தான், ஆனால் சந்தேகம் வர அது போதும்.

ஆகவே இங்கே பக்கத்துப் பைல்கள் 9, 10 மீட்டர் போகும்போது ஒன்று மட்டும் 5, 6 மீட்டரில் சட்டென்று நின்றால், அதுவும் துள்ளல் அதிகம் இருந்தால், தலையை வெட்டாதீர்கள். போர் போட்டுப் பாருங்கள். நாங்கள் அந்தப் பைல்களைக் கைவிட்டு, இரண்டு பக்கமும் புதிதாக அடித்து, பைல் தலைகளை இணைக்கும் கான்கிரீட் பீடமான பைல் கேப்பைப் பெரிதாக்கினோம்.

பென்சில் கோடுன்னா என்ன? எங்க சைட்டுல யாரும் எடுத்ததில்லை.

பைல் முகத்தில் ஒரு கிராஃப் தாளை டேப் போட்டு ஒட்டுங்கள். பைலைத் தொடாமல், இரண்டு பக்கமும் தரையில் ஊன்றிய கட்டைகளின் மேல் ஒரு நேர் சட்டத்தை வையுங்கள். ஹாமர் விழும்போது பென்சிலைச் சட்டத்தின் மேல் வைத்து, தாளில் மெதுவாகப் பக்கவாட்டில் இழுங்கள். ஒவ்வோர் அடிக்கும் கோடு ஓர் உச்சிக்குப் போய், கொஞ்சம் திரும்பி, புது மட்டத்தில் நிற்கும். மட்டங்களுக்கு இடையே உள்ளது செட். உச்சியிலிருந்து திரும்பியது எகிறல். இதில் பைலும் மண்ணும் அமுங்கியது மட்டும் வரும். டாலி அமுங்கியதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தலையில் ஹெல்மெட்டோடு ஆள் நிற்கட்டும், ஹாமருக்கு நேர் கீழே நிற்க வேண்டாம்.

மண் ஆய்வு ரிப்போர்ட்டுல இருக்குற N மதிப்பும் அடிக்கணக்குத்தானே? அதுவும் இப்படி ஏமாத்துமா?

அது வேறு சங்கதி. 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, ஒரே அளவு குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவது. ஹாமரும் குழாயும் மாறாததால் ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் கல் உருண்டை விஷயத்தில் அதுவும் ஏமாறும். இனி இறங்காது என்ற அர்த்தத்தில் ரெஃப்யூசல் என்று எழுதியிருந்தால், அதற்குக் கீழே பாறையைத் துளைத்து எவ்வளவு தூரம் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

சோலார் ஃபீல்டுல ஸ்டீல் போஸ்ட் அடிக்கிறோம். எத்தனை செகண்டுல இறங்குதுன்னு பார்த்து ஓகே பண்றாங்க. சரியா?

கீழ்நோக்கிய சுமைக்கே சந்தேகம். அங்கே உங்களை வாட்டுவது காற்று மேலே இழுப்பது. கல்லில் மோதி ஒரு மீட்டரிலேயே நின்ற போஸ்ட் இறங்க அதிக நேரம் எடுத்திருக்கும், இழுத்தால் முள்ளங்கி மாதிரி வந்துவிடும். இழுத்துப் பார்க்கும் டெஸ்டும் பக்கவாட்டு டெஸ்டும்தான் வழி.

அப்போ அடிக்கணக்கையே தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். களத்தில் சில பைல்களை பி.டி.ஏ.வில் அளந்து, மறு அடி பார்த்து, ஒன்றிரண்டில் லோடு டெஸ்ட் எடுத்த பிறகு, 'இந்த ஹாமர், இந்த உயரம், இந்த டாலி, இந்தப் பைல் நீளம், இந்த வரிசை. கடைசியில் இத்தனை மி.மீ. வந்தால் போதும்' என்று ஓர் எண்ணை முடிவுசெய்யலாம். மற்ற பைல்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையா என்று பார்க்க அது போதும். ஹாமர் மாறினாலோ வேறு வரிசைக்குப் போனாலோ அந்த எண் செல்லாது. செட் 2, 3 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் பி.டி.ஏ.கூட பைலின் முழுத் திறனையும் காட்டாது, குறைந்தபட்சம் இவ்வளவு என்று மட்டும் சொல்லும்.

ரிஜிஸ்டர்ல என்னென்ன எழுதணும்?

ஒவ்வொரு 25 செ.மீ. இறக்கத்துக்கும் எத்தனை அடி, ஹாமர் உயரம், டாலி மாற்றிய நேரம், நடுவில் வேலை நின்றிருந்தால் எத்தனை நிமிஷம், கடைசிப் பத்து அடியின் பென்சில் கோட்டுத் தாள். சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் எண் திடீரென்று ஏறியிருந்தால் அது பாறை இல்லை, மண் கவ்விக்கொண்டது. எண் திடீரென்று சரிந்திருந்தால் பைல் உடைந்திருக்கலாம்.

இன்னொன்று. எங்கள் ரிஜிஸ்டரில் ஒரு பக்கம் 'கடைசி 1 அடி 18 அடி' என்று இருந்தது. ஒரு ஃபுட் இறங்க 18 தடவை அடித்ததா, கடைசி அடியில் 18 ஃபுட் ஆழத்தில் நின்றதா என்று ஒரு மணி நேரம் சண்டை. எழுதியவருக்கே நினைவில்லை. அன்றிலிருந்து ஆழத்தை மீட்டரில் மட்டும் எழுதச் சொன்னேன்.